பாடசாலைக்கு வரும் பொலிஸ் உத்தியோகத்தரை எப்படி அறிமுகப்படுத்துவது? பிள்ளைகள் உறைந்துபோய் இருக்கிறார்கள்

வாவிக்கரை டீச்சர் | வியாழன், இரவு 8.40

வணக்கம். பட்டிருப்பு வலயத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன், மூன்றாவது வருடம். வரும் புதன்கிழமை பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலிருந்து ஒரு பெண் உப பொலிஸ் பரிசோதகர் வந்து தரம் 9, 10 பிள்ளைகளுக்குக் கதைக்கப்போகிறார். போலிக் கணக்கில் நட்பாகப் பழகி, பிறகு மிரட்டி ரீலோட்டும் காசும் கேட்பதுதான் விஷயம். 140 பிள்ளைகள், ஒரு பாடவேளை, பிரதான மண்டபம். அவரை அறிமுகப்படுத்தும் வேலையை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார்.

போன வருடம் வீதிப் பாதுகாப்புக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நன்றாகத்தான் பேசினார். ஆனால் அவரை அறிமுகப்படுத்திய ஆசிரியர், "நீங்கள் செய்கிற குழப்படி எல்லாம் சேருக்குத் தெரியும். இனி நான் பிரம்பு எடுக்கமாட்டேன், இவர் பார்த்துக்கொள்வார்" என்று தொடங்கினார். அதோடு மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. கேள்வி இருக்கிறதா என்று கேட்டபோது ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் "பிள்ளைகள் நல்ல ஒழுக்கம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இடைவேளையில் தரம் 10 பையன் ஒருவன் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "மிஸ், லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடி விழுந்தால், ஆஸ்பத்திரிக்குப் போனாலே பொலிஸ் வருமா?" அவன் முழங்கையில் கட்டு இருந்தது. வீட்டில் கட்டிய கட்டு.

அந்தக் கேள்வி மண்டபத்தில் வந்திருக்க வேண்டும். இந்த முறை எனக்கு இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. அதில் என்ன சொல்வது, என்ன சொல்லக்கூடாது?

கல்லடி ரவி | வியாழன், இரவு 9.05

டீச்சர், பிரச்சினையே காக்கி உடுப்புத்தான். அவரைச் சாதாரண உடுப்பில் வரச் சொல்லுங்கள். சாரி கட்டி வந்தால் பிள்ளைகளுக்கு இன்னொரு மிஸ் மாதிரித் தெரியும். அறிமுகத்தில் "பொலிஸ்" என்ற சொல்லையே எடுக்காமல், "இவர் உங்கள் அக்கா மாதிரி, நண்பி மாதிரி" என்று சொல்லுங்கள். இரண்டு பகிடி விடுங்கள். பயம் போய்விடும்.

மேடைத்தமிழ் | வியாழன், இரவு 9.30

கிழக்கில் இருபது வருடமாக மேடை அறிவிப்புச் செய்கிறேன். அறிமுகம் என்றால் ஒழுங்கு முக்கியம். முதலில் பதவி, பிறகு பொலிஸ் நிலையம், பிறகு பெற்ற விருதுகள், பிறகு பெயர். பெயரைக் கடைசியில் உயர்த்திச் சொன்னால் கைதட்டல் தானாக வரும். மாலை அணிவிப்பவரை முன்கூட்டியே தெரிவு செய்து வையுங்கள். வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

அக்கரைப்பற்று ஓய்வு ஆசிரியர் | வியாழன், இரவு 10.15

தம்பி மேடைத்தமிழ், நீங்கள் சொல்வது பரிசளிப்பு விழாவுக்குச் சரி. அங்கே அறிமுகம் விருந்தினருக்காக. டீச்சர் கேட்பது பிள்ளைகளுக்கான அறிமுகம். பதவியை உயர்த்த உயர்த்த அவர்கள் தலை கீழே போகும்.

நான் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப் பல கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளின் முதுகைப் பார்த்திருக்கிறேன். சீருடை வாசலில் தெரிந்ததும் எல்லாப் பிள்ளைகளின் மனதிலும் ஒரே கேள்விதான் ஓடும்: யாரைப் பிடிக்க வந்திருக்கிறார்கள்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை மற்ற எதுவும் காதில் ஏறாது. உங்கள் முதல் வசனம் அதற்குப் பதிலாக இருக்கட்டும். "இன்று இவர் யாரையும் விசாரிக்க வரவில்லை. யாருடைய பெயரும் நாங்கள் இவரிடம் கொடுக்கவில்லை. மணி அடித்ததும் போய்விடுவார்." மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும். அதிபரிடம் முதலே கேட்டு உறுதிப்படுத்துங்கள். சில பாடசாலைகளில் கூட்டம் முடிந்ததும் "அந்த இரண்டு பேரையும் ஒருக்கா மிரட்டிவிட்டுப் போங்கோ சேர்" என்று அதிகாரியிடம் ஒப்படைப்பார்கள். அப்படி ஏதும் நடந்தால் உங்கள் முதல் வசனம் பொய்யாகிவிடும். அந்தப் பிள்ளைகள் அதை ஓ.எல் முடியும்வரை மறக்கமாட்டார்கள்.

அடுத்தது, "பயப்படவேண்டாம்" என்று சொல்லாதீர்கள். பல் வைத்தியர் அப்படிச் சொன்னால்தான் எங்களுக்குப் பயம் தொடங்குகிறது. அதற்குப் பதிலாக அவர் தினமும் செய்கிற ஒரு வேலையைச் சொல்லுங்கள். விருது வேண்டாம், வீரக்கதையும் வேண்டாம். "போனில் மிரட்டல் வந்து ஒரு பிள்ளை அம்மாவோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தால், முறைப்பாட்டை எழுதுபவர் இவர்" என்பது போதும். தங்களுக்கு இவரால் என்ன உபயோகம் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

காக்கிக்குள் ஒருவன் | வெள்ளி, காலை 6.20

அம்பாறை மாவட்டத்தில் கடமையில் இருக்கும் தமிழ் உத்தியோகத்தர் நான். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ரவி அண்ணன் சொன்னதில் பாதி சரி. துப்பாக்கி, லத்தி, கூட வரும் நாலு பேர், மண்டப வாசல்வரை ஏறும் ஜீப், இவையெல்லாம் பயம் தருவன. இவற்றைக் குறைக்கச் சொல்லி முதல்நாள் தொலைபேசியில் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வோம். யாரும் கேட்பதில்லை. ஆனால் சீருடையைக் கழற்றச் சொல்லாதீர்கள். சாரியில் வந்த அக்காவிடம் பழகிய பிள்ளை, நாளைக்கு நிலைய வாசலில் காக்கியைக் கண்டதும் திரும்பி ஓடும். அந்த உடுப்புக்குள் பெயரோடு ஒரு ஆள் இருக்கிறார் என்று மண்டபத்திலேயே கண்டுகொள்ளட்டும்.

அதோடு, நண்பி என்றும் சொல்லவேண்டாம். நண்பியிடம் சொன்னால் வெளியே போகாது என்று பிள்ளை நம்பும். ஒரு குற்றம் நடந்தது என்று என் காதில் விழுந்தால் நான் விசாரிக்காமல் இருக்க முடியாது. "நீங்கள் சொல்வது இரகசியம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, அடுத்த கிழமை வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்? ஆகவே அறிமுகத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த மண்டபத்தில் யாரும் தங்கள் சொந்த விஷயத்தைச் சொல்லவேண்டாம், மற்ற ஆட்களின் பெயரும் சொல்லவேண்டாம். பொதுவாகக் கேளுங்கள். தனியாகச் சொல்ல இருந்தால் அதற்கு வேறு இடம் இருக்கிறது."

செங்கலடி அம்மா | வெள்ளி, காலை 10.50

எனக்கு டீச்சரின் கேள்விக்கு நேரான பதில் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது.

1990 இல் என் மாமாவைச் சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. திரும்பி வரவில்லை. அம்மம்மா சாகும்வரை வாசல் விளக்கை அணைக்கவிடவில்லை. என் மகன் தரம் 9. சீருடையைக் கண்டால் என் கை தானாக அவன் தோளில் போய் விழும். நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை, ஆனாலும் என் கையிலிருந்து அவன் படித்துக்கொண்டான்.

போன வருடம் அவன் பாடசாலையில் "பயப்பட ஒன்றுமில்லை, பொலிஸ் உங்கள் தோழன்" என்று எழுதி ஒட்டி, பிள்ளைகளைக் கைதட்ட வைத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து, "அப்ப அம்மம்மா சொன்னது பொய்யா?" என்று கேட்டான். எங்கள் பிள்ளைகளின் பயத்தைப் பிழை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்கரைப்பற்று ஓய்வு ஆசிரியர் | வெள்ளி, பகல் 12.10

தங்கச்சி, நீங்கள் சொன்னது எனக்குத் தோன்றாத இடம். அறிமுகத்தில் ஒரு வசனம் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்: "உங்கள் வீடுகளில் பொலிஸைப் பற்றி வேறு கதைகளும் இருக்கலாம். அவற்றை மறக்கச் சொல்லி இங்கே யாரும் வரவில்லை."

காக்கிக்குள் ஒருவன் | வெள்ளி, பகல் 1.00

ஐயா, மன்னிக்க வேண்டும், எனக்கு இது சரியாகப் படவில்லை. மேடையில் நிற்பவர் அந்தக் காலத்தில் பிறந்திருக்கவே மாட்டார். அவர் முன்னாலேயே அப்படித் தொடங்கினால் மிச்சம் அரைமணி நேரமும் தற்காப்பில் நின்றுதான் பேசுவார். அந்த இறுக்கம் பிள்ளைகளுக்கும் தெரியும். சொல்லக்கூடாது என்பதல்ல. அந்த மேடையில், அந்த இரண்டு நிமிடத்துக்குள் வேண்டாம் என்கிறேன்.

செங்கலடி அம்மா | வெள்ளி, பகல் 1.25

எந்த மேடையிலும் சொல்லவில்லை என்றால் பிறகு எங்கே சொல்வது?

பின்வரிசை | வெள்ளி, பின்னேரம் 5.15

நான் போன வருடம் ஏ.எல் எழுதினேன். இப்படியான கூட்டம் நாலைந்து பார்த்திருக்கிறேன், பார்வையாளர் பக்கம் இருந்து. அறிமுகத்தில் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. யார் எங்கே இருந்தார்கள் என்பதுதான் ஞாபகம். ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான சேர் மேடையில் அதிகாரிக்குப் பக்கத்துக் கதிரையில், எங்களைப் பார்த்தபடி இருப்பார். அதிகாரி பகிடி விட்டால் நாங்கள் முதலில் சேரின் முகத்தைப் பார்ப்போம். அவர் சிரித்தால்தான் சிரிப்போம். அந்த இடத்தில் யார் கை உயர்த்துவார்கள்? கை உயர்த்தினாலே "இவனுக்கு ஏன் இது தெரியவேணும்" என்று ஆகிவிடும்.

கேள்விப் பெட்டியும் வைத்தார்கள். அதுவும் சரிவரவில்லை. எழுந்து போய்ப் போடுகிறவனை எல்லோரும் பார்ப்பார்கள்.

வாவிக்கரை டீச்சர் | வெள்ளி, இரவு 7.30

பின்வரிசை, இதற்காகவே உங்களைக் கும்பிடவேண்டும். போன வருடம் எங்கள் பிரதி அதிபர் மேடையில்தான் இருந்தார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பெட்டிக்கு ஒரு வழி யோசித்தேன். திங்கட்கிழமை வகுப்பிலேயே 140 பேருக்கும் ஒரே அளவான துண்டுத்தாள் கொடுக்கிறேன். கேள்வி இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் ஒரு கோடு கிறுக்கினாலும் போதும். ஆனால் எல்லோரும் மடித்துப் போடவேண்டும். எழுதியவர் யார் என்று தெரியாது. சரியா?

அக்கரைப்பற்று ஓய்வு ஆசிரியர் | வெள்ளி, இரவு 8.05

மிகச் சரி. கையெழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்காத ஒருவர் படித்து, கேள்விகளை வேறு தாளில் எழுதித் தரட்டும். அவர் அப்படித்தான் செய்யப்போகிறார் என்று எழுதும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாக இருங்கள். சில தாள்களில் கேள்வி இருக்காது, முறையீடு இருக்கும். "எனக்கு நடக்குது" என்று எழுதியிருந்தால் அதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள், பொதுவான கேள்வியாக மாற்றியும் வாசிக்காதீர்கள். எழுதிய பிள்ளை மண்டபத்தில் இருக்கும், அதற்குத் தன் வசனம் தெரியும். அந்தத் தாள் அன்றைக்கே அதிபரிடமும் ஆலோசனை ஆசிரியரிடமும் போகவேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவரையும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு 1929 ஐச் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், காசு இல்லை, 24 மணி நேரமும் தமிழிலும் கதைக்கலாம். அதை அறிமுகத்திலேயே சொல்லுங்கள். கடைசியில் சொன்னால் மணிச் சத்தத்தில் போய்விடும்.

சம்மாந்துறை ராத்தா | வெள்ளி, இரவு 9.40

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளின் அடையாள அட்டை தொலைந்து பொலிஸில் எண்ட்ரி போடப்போனோம். வாசலில் நின்றவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, அரைமணி நேரம் கைப்பாஷைதான். உங்கள் அதிகாரி எந்தப் பாஷையில் கதைப்பார்? அதை யாரும் கேட்கவில்லையே?

வாவிக்கரை டீச்சர் | வெள்ளி, இரவு 10.00

ராத்தா, நல்ல கேள்வி. அவருக்குக் கொஞ்சம் தமிழ் வருமாம். மொழிபெயர்க்க ஒரு கான்ஸ்டபிள் கூட வருகிறார்.

காக்கிக்குள் ஒருவன் | சனி, காலை 7.10

அங்கேதான் எல்லாம் கெடும். நானே மொழிபெயர்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அதிகாரி சிங்களத்தில் "பிள்ளைகள் இப்படிச் செய்தால் எங்களுக்குக் கவலை" என்று மென்மையாகச் சொல்வார். மொழிபெயர்ப்பவர் சுருக்கி, "மெடம் சொல்றா, இப்படிச் செய்தா உள்ளுக்குப் போடுவாவாம்" என்பார். பிள்ளைகள் கேட்பது இவருடைய குரலை மட்டும்தான். முதலே அவரோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தவேண்டும். "மெடம் சொல்றா" வேண்டாம், அவர் "நான்" என்றால் இவரும் "நான்" என்றே சொல்லட்டும். புத்திமதி எதையும் தானாகச் சேர்க்கக்கூடாது. நீங்கள் தமிழில் செய்யும் அறிமுகத்தின் பொருளையும் அவர் முதல்நாளே அதிகாரிக்குச் சொல்லி வைக்கட்டும். தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் மேடையில் நிற்பது எங்களுக்கும் சங்கடம்.

ராத்தா சொன்னது முக்கியம். பிள்ளை தனியாக நிலையத்துக்கு வந்தால் முதலில் பார்ப்பது இந்த அதிகாரியை அல்ல, வாசலில் நிற்பவரை. அங்கே என்ன சொல்லவேண்டும் என்று அறிமுகத்தில் கொடுத்துவிடுங்கள். "சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போகவேண்டும்." தமிழ் புரியாதவராக இருந்தால் "லமா காந்தா" என்றாலே அவர் கை காட்டிவிடுவார்.

வாவிக்கரை டீச்சர் | ஞாயிறு, பின்னேரம் 4.20

எழுதிப் பார்த்தேன். சத்தமாக வாசித்தால் ஒன்றரை நிமிடம் வருகிறது. வெட்டவேண்டியதை வெட்டுங்கள். பெயருக்குப் புள்ளி போட்டிருக்கிறேன்.

"பிள்ளைகள், இன்று வந்திருப்பவர் யாரையும் விசாரிக்க வரவில்லை. எவருடைய பெயரையும் நாங்கள் இவரிடம் கொடுக்கவில்லை. பாடவேளை முடிந்ததும் போய்விடுவார். இவர் பெயர் ..., எங்கள் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் வேலை செய்கிறார். போனில் ஒருவர் மிரட்டுகிறார் என்று ஒரு பிள்ளை போனால், அதைக் கேட்டு எழுதுபவர் இவர். நீங்கள் திங்கட்கிழமை எழுதிய கேள்விகள் என் கையில் இருக்கின்றன, நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். இங்கே யாரும் தங்கள் சொந்தக் கதையையோ மற்றவர் பெயரையோ சொல்லவேண்டாம். பொலிஸிடம் ஒரு குற்றத்தைச் சொன்னால் அவர்கள் அதை விசாரிக்கத்தான் வேண்டும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாகக் கதைக்க விரும்புபவர்கள் எங்கள் ஆலோசனை ஆசிரியரிடம் போகலாம், அல்லது 1929 க்கு எடுக்கலாம், காசு இல்லை. பொலிஸ் நிலையத்துக்கே போவதென்றால் வாசலில் 'சிறுவர், பெண்கள் பிரிவு' என்று கேளுங்கள். இனி இவரே கதைப்பார்."

செங்கலடி அம்மா, உங்கள் விஷயத்தை மேடையில் வைக்கவில்லை. நாளைக்கு வகுப்பில் தாள் கொடுக்கும்போது நானே சொல்லப்போகிறேன். வீட்டுக் கதைகள் பொய் என்று யாரும் சொல்லவில்லை, அதைப் பற்றியும் கேள்வி எழுதலாம் என்று.

கல்லடி ரவி | ஞாயிறு, பின்னேரம் 5.00

விசாரிக்கத்தான் வேண்டும் என்ற வசனம் பயம் காட்டாதா? அதை எடுத்துவிடுங்களேன்.

பின்வரிசை | ஞாயிறு, பின்னேரம் 5.40

எடுக்காதீங்க மிஸ். ஒளிக்காமல் சொல்கிறார்கள் என்று அந்த ஒரு வசனத்தில்தான் எங்களுக்குத் தெரியும்.

செங்கலடி அம்மா | ஞாயிறு, இரவு 9.15

வகுப்பில் சொல்வது நல்லது. ஆனால் அந்த அதிகாரியின் காதிலும் அது விழவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

வாவிக்கரை டீச்சர் | புதன், இரவு 8.50

முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் வகுப்பாசிரியர்கள் யார் வருகிறார், ஏன் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். ஜீப்பைக் கேற்றுக்கு வெளியே நிறுத்தச் சொல்லியிருந்தோம், அது மறந்துபோய் உள்ளே வந்துவிட்டது. ஆனால் அவர் இறங்கி ஆயுதம் எதுவும் இல்லாமல் என்னோடு நடந்து வந்தார். பிரதி அதிபர் மேடையில்தான் இருக்கவேண்டும் என்று அதிபர் முதலில் சொன்னார். பிறகு முன்வரிசையில், மேடையைப் பார்த்தபடி இருக்கச் சம்மதித்தார்கள்.

முதல் மூன்று வசனம் சொன்னபோது முன்வரிசைப் பிள்ளைகளின் தோள் இறங்கியதைக் கண்டேன். இரண்டு பிள்ளைகள் பின்னால் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கோடு கிறுக்கிய தாள்களைக் கழித்தால் 31 கேள்விகள். நேரத்துக்குள் பதினொன்று கேட்க முடிந்தது. "மிரட்டியவனுக்கு ஏற்கனவே ரீலோட் போட்டுவிட்டால் நானும் குற்றவாளியா?" என்று ஒன்று. இல்லை என்று சொல்லி, அந்தச் செய்திகளை அழிக்காமல் அப்படியே கொண்டுவரச் சொன்னார். கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்களாம்.

போன வருடத்துக் கேள்வியையும் நானே சேர்த்துவிட்டேன். அவர் யோசித்துச் சொன்னார்: விபத்து என்றால் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுக்க நாங்கள் வருவோம், லைசென்ஸ் இல்லாவிட்டால் வழக்கும் வரலாம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் காயத்துக்கு மருந்து கட்ட யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை, முதலில் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள் என்றார். பெரிய வகுப்புப் பையன்கள் அந்த நேரம்தான் நிமிர்ந்து இருந்தார்கள்.

மொழிபெயர்ப்பு முதல் பாதி நன்றாக இருந்தது. அப்புறம் கான்ஸ்டபிள் தம்பி தானாக இரண்டு புத்திமதி சேர்த்துவிட்டார். அதிகாரி அதைக் கண்டுபிடித்து, சிரித்தபடி தமிழிலேயே "நான் அப்படி சொல்ல இல்லை" என்றார். மண்டபமே சிரித்தது.

செங்கலடி அம்மா, ஒரு தாளில் "எங்கட வீட்டு ஆக்களைக் கொண்டுபோனது யார்?" என்று இருந்தது. அதை மேடையில் வாசிக்கவில்லை. கூட்டத்துக்கு முன் அதிபர் அறையில் அந்த அதிகாரியிடம் காட்டினேன், பொருளைக் கான்ஸ்டபிள் சொன்னார். அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் பதில் இல்லை என்றார்.

கெட்டது கடைசியில். நன்றியுரை சொல்ல வந்த ஒருவர் மைக்கைப் பிடித்து, "சரி, இனி யாராவது போனோடு பிடிபட்டால் மெடத்துக்குக் கோல் எடுப்பேன், விளங்கிச்சா?" என்றார். நாற்பது நிமிட உழைப்பு. பிள்ளைகள் "ஓம் சேர்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

செங்கலடி அம்மா | புதன், இரவு 9.30

பதில் இல்லை என்று சொன்னாரா? சரி. மகனிடம் சொல்கிறேன்.

காக்கிக்குள் ஒருவன் | புதன், இரவு 10.05

டீச்சர், நன்றியுரையையும் அறிமுகம் செய்தவரே சொல்வது என்று அடுத்த முறை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு வசனம் போதும். வேறொருவர்தான் என்றால் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

அக்கரைப்பற்று ஓய்வு ஆசிரியர் | வியாழன், காலை 6.40

மிச்சம் இருபது கேள்விகளையும் எறிந்துவிடாதீர்கள். பதில்களை அவரிடம் வாங்கி அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். நன்றியுரை செய்த சேதம் அதில் கொஞ்சம் ஆறும். இன்றைக்கு யாராவது உங்கள் ஆலோசனை ஆசிரியரிடம் வந்தார்களா?

வாவிக்கரை டீச்சர் | வியாழன், பின்னேரம் 3.30

வந்தது ஒருவர். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

அடுத்த மாதம் தரம் 8 க்கு இதே கூட்டம். நன்றியுரை யார் என்று பிரதி அதிபரோடு நாளைக்குக் கதைக்கப்போகிறேன்.